பீரோவில் வெள்ளை உருண்டை, தொட்டிலில் குழந்தை

பாச்சை உருண்டை, அந்துருண்டை, பூச்சி உருண்டை என்று ஊருக்கு ஒரு பெயரில் மளிகைக் கடைகளில் கிடைக்கும் வெள்ளை உருண்டைகளில் பல, நாப்தலின் என்ற வேதிப்பொருளால் ஆனவை. நிலக்கரித் தாரிலிருந்து பிரித்தெடுக்கப்படும் படிகம் இது. சாதாரண அறை வெப்பத்திலேயே, திரவமாகாமல், நேராக ஆவியாகிவிடும். அதனால்தான் துணிகளுக்கு இடையே போட்ட உருண்டை சில மாதங்களில் பட்டாணி அளவுக்குத் தேய்ந்து, பிறகு காணாமலே போகிறது. தேய்ந்த பங்கு முழுவதும் துணியின் இழைகளிலும் அறையின் காற்றிலும்தான் கலந்திருக்கும். பீரோவைத் திறந்ததும் ‘குப்’பென்று அடிக்கும் அந்த நெடி, மூச்சோடு உள்ளே போகும் பூச்சிக்கொல்லியேதான்.

இந்த ஆவி பூச்சியைக் கொல்லும் என்பது உண்மை. ஆனால் அதற்கு ஒரு நிபந்தனை உண்டு. காற்றே புகாத பெட்டியில் ஆவி அடர்த்தியாகச் சேர்ந்து, பல நாட்கள் அப்படியே நிற்க வேண்டும். வீட்டு பீரோவின் கதவிடுக்கு அதற்கு இடம் கொடுப்பதில்லை; தினமும் இரண்டு முறை திறந்து மூடும் பீரோவில் கேட்கவே வேண்டாம். அங்கே சேரும் ஆவி, மடிப்புக்குள் இருக்கும் புழுவைக் கொல்லப் போதாது. அதே அறையில் தூங்குபவர்கள் இரவெல்லாம் சுவாசிக்கப் போதும். இன்னொன்றும் உண்டு. துணியை அரிக்கும் அந்துப்பூச்சியின் புழுவுக்கு விலங்குகளிடமிருந்து வரும் புரதமே உணவு: கம்பளி, பட்டு, இறகு, மென்மயிர். பருத்தியையும் பாலியஸ்டரையும் அது தேடிப் போவதில்லை. வியர்வையோ உணவுக் கறையோ படிந்திருந்தால் மட்டும் அந்த இடத்தைக் கடித்துவைக்கும். கஞ்சி போட்ட பருத்தித் துணியைச் சுரண்டுவது இராமபாணப் பூச்சி. ஆக, சட்டை, சுடிதார், போர்வை, குழந்தைத் துணி அடுக்கிய தட்டுகளில் உருண்டை போடுவதால் பெரும்பாலும் ஒரு பயனும் இல்லை.

அந்தக் குழந்தைத் துணியில்தான் பெரிய ஆபத்து இருக்கிறது. நாப்தலின் உடலுக்குள் போனதும் கல்லீரல் அதை வேறு பொருள்களாக மாற்றுகிறது. அவற்றுள் சில, இரத்தச் சிவப்பணுக்களைத் தாக்கிச் சிதைப்பவை. இந்தத் தாக்குதலைச் சமாளிக்கச் சிவப்பணுவுக்குள் ஒரு தற்காப்பு ஏற்பாடு உண்டு. அதை நடத்தும் நொதிகளில் முக்கியமானது ஜி-6-பி-டி. பிறவியிலேயே இந்த நொதி குறைவாக உள்ளவர்கள் உலகில் ஏறத்தாழ 40 கோடிப் பேர். இந்தியாவிலும் இந்தக் குறை பரவலாக உண்டு. தாயிடமிருந்து எக்ஸ் குரோமோசோம் வழியாக வருவதால் ஆண் குழந்தைகளையே அதிகம் பாதிக்கும். குறை இருப்பவர் பார்வைக்கு முழு ஆரோக்கியமாகவே இருப்பார். நாப்தலின் போன்ற ஒரு பொருளோ சில மருந்துகளோ உள்ளே போகும்போதுதான் அது வெளிப்படும். பச்சிளங்குழந்தைக்கு இந்தக் குறை இல்லாவிட்டாலும் தற்காப்பு ஏற்பாடு இன்னும் முதிர்ந்திருக்காது.

கிரேக்க நாட்டு மருத்துவர்கள் 1963-ல் வெளியிட்ட ஆய்வுக் கட்டுரை இதைத் தெளிவாகக் காட்டியது. இரத்தம் சிதைந்து மஞ்சள் காமாலையுடன் வந்த 21 பச்சிளங்குழந்தைகளை அவர்கள் ஆராய்ந்தார்கள். எல்லார் வீட்டிலும் நாப்தலின் போட்டு வைத்திருந்த கம்பளியோ துணியோ புழக்கத்தில் இருந்தது. வியப்பு என்னவென்றால், பெரும்பாலான குழந்தைகளின் உடம்பில் அந்தத் துணி நேரடியாகப் படவே இல்லை. அறையிலோ பக்கத்து அறையிலோ இருந்த துணியிலிருந்து வந்த ஆவியைச் சுவாசித்ததே போதுமானதாக இருந்திருக்கிறது. இரு குழந்தைகள் இறந்தன. ஜி-6-பி-டி குறை பல குழந்தைகளுக்கு இருந்தது, ஆனால் எல்லாருக்கும் இல்லை.

தமிழ் வீடுகளில் இந்த ஆபத்து நுழைவதற்கு ஒரு தனி வழி இருக்கிறது. பிறந்த குழந்தையைப் புதுத்துணியில் கிடத்தக் கூடாது, பழகிய துணிதான் மெத்தென்று இருக்கும் என்று பாட்டியின் பழைய நூல் சேலையையோ தாத்தாவின் வேட்டியையோ கிழித்து வைப்பார்கள். அது நல்ல வழக்கமே. ஆனால் அந்தச் சேலை பல மாதங்கள் டிரங்குப் பெட்டியில் உருண்டைகளோடு கிடந்ததாக இருக்கும். மூத்த குழந்தையின் தொப்பியும் ஸ்வெட்டரும் அப்படித்தான் எடுத்து வைக்கப்பட்டிருக்கும். இதோடு எண்ணெய்க் குளியலும் சேர்கிறது. நாப்தலின் தண்ணீரில் கரைவது மிக அரிது, எண்ணெயில் நன்றாகக் கரையும். எண்ணெய் தேய்த்த தோலில் நெடியடிக்கும் துணியைச் சுற்றினால் அது தோல் வழியாகவும் உள்ளே இறங்கும். ஒரு முறை அலசிக் காயவைத்தால் போய்விடும் என்று எண்ணுவதும் தவறு. தண்ணீர் அதை இழையிலிருந்து முழுதாக எடுப்பதில்லை.

பாதிப்பு உடனே தெரிவதில்லை என்பதுதான் சிக்கல். ஒன்று முதல் மூன்று நாட்களில் சிவப்பணுக்கள் உடையத் தொடங்கும். குழந்தை வெளிறிப்போகும், சோர்ந்து தூங்கிக்கொண்டே இருக்கும், பால் குடிக்கச் சுணங்கும். சிறுநீர் தேயிலைச் சாற்றின் நிறத்துக்கு மாறலாம். கண்ணும் தோலும் மஞ்சளாகும். முகத்தில் தொடங்கிய மஞ்சள் வயிற்றையும் பாதத்தையும் எட்டினால் அளவு ஏறிவிட்டது என்று பொருள். பிறந்த குழந்தைகளுக்கு மஞ்சள் காமாலை வருவது சகஜம், இளவெயிலில் காட்டினால் சரியாகும் என்று வீட்டில் சமாதானம் சொல்லப்படும் நாட்கள் இவைதான். உடைந்த அணுக்களிலிருந்து வரும் பிலிருபின் என்ற மஞ்சள் நிறமி அளவு மீறினால் மூளையில் படிந்துவிடும். பிழைக்கும் குழந்தைக்கும் காது கேளாமை, கைகால் இயக்கக் கோளாறு என்று நிரந்தரப் பாதிப்பு தங்கலாம். நேரத்தோடு மருத்துவமனைக்குப் போனால் நீல ஒளிச் சிகிச்சையும், தேவைப்பட்டால் இரத்த மாற்றமும் காப்பாற்றும். அங்கே துணியில் உருண்டை போட்டிருந்த விவரத்தைச் சொல்லிவிட வேண்டும். மருத்துவர் கேட்காவிட்டாலும் சொல்ல வேண்டும்.

தவழும், நடக்கும் குழந்தைகளுக்கு ஆபத்து வாய் வழியாக வருகிறது. உருண்டை பார்க்கப் பெப்பர்மின்ட் மிட்டாய் போலவே இருக்கும். நிறமேற்றியவை இன்னும் மோசம். பீரோவில் மட்டுமல்லாமல் வாஷ்பேசினிலும் குளியலறை மூலையிலும் போட்டு வைப்பதால் கைக்கு எட்டவும் செய்யும். குறை உள்ள குழந்தை ஒன்றைத் தின்றாலே நிலைமை மோசமாகக்கூடும். தின்றுவிட்டால் உப்புத் தண்ணீர் கொடுத்து வாந்தி எடுக்கவைப்பது கூடாது. விஷமுறிவு என்று பாலைப் புகட்டுவதும் தவறு, ஏனென்றால் கொழுப்பு நாப்தலினை வேகமாக உடலில் சேர்க்கும். 108-ஐ அழைத்தோ நேராகவோ மருத்துவமனைக்குப் போக வேண்டும். குழந்தை தெம்பாக விளையாடிக்கொண்டிருந்தாலும் போக வேண்டும்.

போகும்போது மீதி உருண்டைகளையும் பாக்கெட்டையும் எடுத்துச் செல்வது நல்லது. எல்லா வெள்ளை உருண்டையும் நாப்தலின் அல்ல. சில, பாராடைகுளோரோபென்சீன் என்ற வேறு பொருள், சில, கற்பூரம். மருத்துவர்கள் இதைக் கண்டறிய எளிய சோதனை ஒன்று உண்டு. சாதாரணத் தண்ணீரில் மிதந்தால் அது கற்பூரம். தண்ணீரில் மூழ்கி, உப்பை இனிமேல் கரையாது என்ற அளவுக்குக் கரைத்த நீரில் மிதந்தால் நாப்தலின். இரண்டிலும் மூழ்கினால் பாராடைகுளோரோபென்சீன். இந்தப் பிரிவினை முக்கியம்: கற்பூரம் விழுங்கிய குழந்தைக்குச் சில நிமிடங்களிலேயே வலிப்பு வரக்கூடும். ‘இயற்கையானது’ என்று நாப்தலினுக்குப் பதில் கற்பூரக் கட்டிகளைத் துணிக்குள் போடுவது, குழந்தை உள்ள வீட்டில் ஒரு ஆபத்தை விட்டு இன்னொன்றைப் பிடிப்பதுதான். பாராடைகுளோரோபென்சீன் சிவப்பணுக்களை அவ்வளவாகச் சிதைப்பதில்லை. ஆனாலும் அதுவும் நாப்தலினும் மனிதருக்குப் புற்றுநோயை உண்டாக்கக்கூடியவை என்ற ஐயப் பட்டியலில் உள்ளவை. ஐரோப்பிய ஒன்றியம் நாப்தலின் உருண்டைகளை 2008-ல் தடை செய்துவிட்டது.

உருண்டை இல்லாமல் துணியைக் காப்பது கடினமல்ல, உருண்டையை நம்பி விட்டுவிட்ட வேலையைச் செய்தால் போதும். ஊட்டிக்கோ கொடைக்கானலுக்கோ போய்வந்த பிறகு அடுத்த ஆண்டு வரை உள்ளே போகும் கம்பளி ஸ்வெட்டரை எடுத்துக்கொள்ளலாம். முதலில் துவைக்க வேண்டும், அல்லது டிரைகிளீன் கொடுக்க வேண்டும். புழு விரும்புவது வியர்வையும் கறையும் படிந்த கம்பளியைத்தான். நன்றாகக் காய்ந்தபின் காலர், அக்குள், தையல் மடிப்புகளைப் பிரஷ்ஷால் தேய்த்தால் கண்ணுக்குத் தெரியாத முட்டைகள் உதிரும். ஏற்கெனவே ஓட்டை விழுந்த துணி என்றால், பிளாஸ்டிக் உறையில் இட்டுக் காற்றை அழுத்தி வெளியேற்றிக் கட்டி, மைனஸ் 18 டிகிரி குளிரும் ஃப்ரீசரில் ஒரு வாரம் வைக்கலாம். வெளியே எடுத்ததும் பிரிக்காமல் அறை வெப்பத்துக்கு வரவிட்டால் ஈரம் உறையின் வெளிப்புறத்திலேயே நிற்கும். ஒற்றைக் கதவு ஃப்ரிட்ஜின் ஐஸ் பெட்டி பெரும்பாலும் அந்த அளவுக்குக் குளிராது. அந்த வீடுகளுக்கு டிரைகிளீன்தான் வழி. பிறகு இறுக்கமாக மூடும் டப்பாவில் வைத்துவிட்டால் புதிய அந்துப்பூச்சி உள்ளே போக முடியாது.

பட்டுச் சேலையை அப்படி அடைத்துவைக்க முடியாது. கடலோர ஈரப்பதத்தில் பிளாஸ்டிக் உறைக்குள் பூஞ்சணம் பிடித்துவிடும். வெளுத்த பருத்தித் துணியில் சுற்றி, மூன்று மாதத்துக்கு ஒரு முறை எடுத்து நிழலில் காற்றாட விட்டு, மடிப்பை மாற்றி வைப்பதே போதும். அந்துப்பூச்சி இருட்டையும் அசையாத இடத்தையும் நாடும். அடிக்கடி உதறப்படும் துணியில் குடியிருக்காது. காய்ந்த வேப்பிலையோ வசம்போ துணிப்பையில் கட்டிப் போடும் பழைய முறை பூச்சியை ஓரளவு விலக்கும், ஆனால் உள்ளே இருக்கும் புழுவைக் கொல்லும் என்று எதிர்பார்க்கக் கூடாது. மணம் போனதும் மாற்ற வேண்டும்.

ஏற்கெனவே நெடியேறிய துணிகளை மொட்டைமாடியில், வெயிலும் காற்றும் படும்படி பல நாட்கள் தொங்கவிட வேண்டும். நாப்தலினை விரட்டுவது சூடும் காற்றோட்டமும்தான். நெடி குறைந்தபின் துவைத்து மீண்டும் காயவைக்கலாம். மூக்குக்குக் கொஞ்சமும் தெரியாத நிலை வரும் வரை குழந்தைக்குப் பயன்படுத்தக் கூடாது. பட்டை மட்டும் நிழலில் ஆற விட வேண்டும். பீரோவைக் காலிசெய்து கதவுகளைத் திறந்துவைத்து, அது குழந்தை தூங்கும் அறையாக இருந்தால் அந்த நாட்களில் தொட்டிலை வேறு அறைக்கு மாற்ற வேண்டும். மிஞ்சிய உருண்டைகளை எரிப்பதோ சாக்கடையில் போடுவதோ கூடாது. இறுக்கமாகக் கட்டிய உறையில், தீங்கான வீட்டுக் கழிவு என்று தூய்மைப் பணியாளரிடம் சொல்லித் தனியாகக் கொடுக்க வேண்டும்.