மோட்டார் பக்கத்தில் வடக்கு எங்கே?

கல்லூரி மாணவர்கள் செய்யும் நாலு சக்கர ரோவரில் திசை பார்க்க ஒரு சின்ன சிப் இருக்கும். பெயர் மேக்னட்டோமீட்டர். செல்போன் வடக்கைக் காட்டுவதும் இப்படிப்பட்ட சிப்பால்தான். தன் மீது விழும் காந்தப்புலத்தை அது அளந்து சொல்லும், அவ்வளவுதான். அதில் பூமியின் பங்கு எது, பக்கத்து மோட்டாரின் பங்கு எது என்று பிரித்துப் பார்க்க அதற்குத் தெரியாது. தமிழ்நாட்டில் பூமியின் புலம் ஏறத்தாழ 40 மைக்ரோடெஸ்லா. இவ்வளவு சன்னமான புலத்தை மோட்டார் காந்தமும் இரும்புச் சட்டமும் சுலபமாகக் குழப்பிவிடும்.

குழப்பம் இரண்டு வகை. மோட்டாருக்குள் இருக்கும் நிரந்தர காந்தமோ, காந்தமேறிய ஸ்க்ரூவோ எந்தப் பக்கம் திரும்பினாலும் சிப்போடு சேர்ந்தே திரும்பும். அதனால் ஒவ்வொரு அளவீட்டிலும் ஒரே எண்ணைக் கூட்டிவிடும். இது ஹார்டு அயர்ன் பிழை. சாதாரண இரும்புத் தகட்டுக்குச் சொந்தக் காந்தம் கிடையாது. ஆனால் பூமியின் புலத்தைத் தன் பக்கம் இழுத்து வளைக்கும். வண்டி திரும்பத் திரும்ப அந்த வளைவும் மாறும். இது சாஃப்ட் அயர்ன் பிழை.

இரண்டையும் கண்ணால் பார்க்க வழி உண்டு. சிப்பை வண்டியிலேயே பொருத்தி வைத்து, சமதளத்தில் வண்டியை மெதுவாக ஒரு முழுச் சுற்று சுற்றுங்கள். வரும் X, Y எண்களை வரைபடத்தில் புள்ளிகளாக வையுங்கள். பிழையே இல்லையென்றால் சுழியை மையமாகக் கொண்ட வட்டம் கிடைக்கும். ஹார்டு அயர்ன் அந்த வட்டத்தின் மையத்தை நகர்த்தும். சாஃப்ட் அயர்ன் அதை நசுக்கி நீள்வட்டமாக்கும்.

ஒரு கணக்கு போடுவோம். X மைனஸ் 16 முதல் 72 வரையும், Y மைனஸ் 52 முதல் 20 வரையும் போய் வந்ததாகக் கொள்ளுங்கள். X-இன் நடு 28, பாதி அகலம் 44. Y-இன் நடு மைனஸ் 16, பாதி அகலம் 36. இரண்டு அகலங்களின் சராசரி 40. நடுவைக் கழித்து, 40-க்குச் சமமாக்கினால் வேலை முடிந்தது:

```
x = (X + 16 - 44) * 40/44
y = (Y + 16) * 40/36
```

முதல் வரியில் 16-ஐக் கூட்டி 44-ஐக் கழிப்பது 28-ஐக் கழிப்பதுதான். திருத்தாவிட்டால் என்ன ஆகும்? X 72, Y மைனஸ் 16 என்ற நிலையிலிருந்து X 28, Y 20 என்ற நிலைக்கு வண்டி வந்தால், அது உண்மையில் 90 டிகிரி திரும்பியிருக்கிறது. திருத்தாத எண்களை வைத்துக் கோணம் கண்டால் 48 டிகிரிதான் வரும். கால்வட்டம் திரும்பிய வண்டி, பாதிதான் திரும்பினோம் என்று நினைத்து இன்னும் திரும்பிக்கொண்டே இருக்கும்.

இந்த எளிய முறை நீள்வட்டம் நேராக நிற்கும்போதுதான் செல்லும். அது சாய்ந்திருந்தால் X-ஐயும் Y-ஐயும் தனித்தனியாகத் திருத்திப் பயனில்லை. இரண்டையும் கலந்து திருத்தும் அணி தேவை. பறக்கும்போது சாயும் ட்ரோனுக்கு Z அச்சும் வேண்டும். அதனால்தான் ட்ரோனைத் தலைகீழாகவும் பக்கவாட்டிலும் திருப்பித் திருப்பிக் காட்டச் சொல்கிறார்கள்.

இனிமேல்தான் பலரும் ஏமாறும் இடம். வண்டியோடு சேர்ந்து திரும்புகிற, மாறாத பிழையை மட்டுமே இந்தத் திருத்தம் சரிசெய்யும். மோட்டாருக்குப் போகும் கரண்ட் அப்படி இல்லை. ஒற்றை வயரில் 10 ஆம்பியர் ஓடினால், 5 சென்டிமீட்டர் தள்ளி அது உண்டாக்கும் புலம் 40 மைக்ரோடெஸ்லா, அதாவது பூமியின் புலத்துக்குச் சமம். வேகம் கூட்டினால் இதுவும் கூடும். வண்டி நின்றால் காணாமல் போகும். மோட்டார் ஓடாமல் செய்த திருத்தம் இதை எப்படிப் பிடிக்கும்? பாசிட்டிவ், நெகட்டிவ் வயர்களை ஒன்றோடொன்று முறுக்கிவிட்டால் எதிரெதிர்ப் புலங்கள் பெரும்பாலும் அடித்துப்போகும். சிப்பைச் சின்னக் கம்பம் வைத்து உயர்த்துவது அதைவிட நல்லது. ட்ரோன்களில் காம்பஸ் ஜிபிஎஸ்ஸோடு உயரத்தில் நிற்பதற்கு இது ஒரு முக்கியக் காரணம்.

சுற்றும் இடமும் முக்கியம். கான்கிரீட் மாடியில் தளத்துக்குள் இருக்கும் கம்பி வண்டியோடு திரும்பாது. அங்கே எடுத்த எண்கள் வேறு இடத்தில் பொய்யாகும். திறந்த மண் தரையில், பைக்கை விட்டுத் தள்ளி, செல்போனைப் பையிலிருந்து எடுத்து வைத்துவிட்டுச் செய்யுங்கள்.

திருத்தம் சரியா என்று பார்க்க, மூன்று அச்சுகளின் எண்களையும் வர்க்கப்படுத்திக் கூட்டி வர்க்கமூலம் எடுங்கள். எந்தத் திசையில் வைத்தாலும் விடை 40-ஐ ஒட்டியே இருக்க வேண்டும். பிறகு சக்கரத்தைத் தரையில் படாமல் தூக்கி வைத்து மோட்டாரை ஓட்டுங்கள். அப்போது விடை துள்ளினால் மறுபடி திருத்தி நேரத்தை வீணாக்காதீர்கள். சிப்பை இடம் மாற்றுங்கள்.