காலை ஓட்டத்துக்கு முன் பசியாறலாமா?

அதிகாலையில் வெறும் வயிற்றோடு ஓடினால்தான் பலன் அதிகம் என்று என்னிடம் ஓட்டப் பயிற்சிக்கு வரும் மாணவர்களில் பலர் நம்புகிறார்கள். எவ்வளவு நேரம், எவ்வளவு வேகமாக ஓடப்போகிறீர்கள் என்பதைப் பொறுத்தே அதற்கு நான் பதில் சொல்வேன்.

நாம் உறங்கும்போதும் மூளைக்குச் சர்க்கரை தேவை. கல்லீரல் தன் சேமிப்பிலிருந்து அதை வழங்குகிறது. அந்தச் சேமிப்பு ஏறக்குறைய 100 கிராம்தான். விடிவதற்குள் அதில் பெரும்பகுதி தீர்ந்துவிடும். ஆனால், தசைகளில் உள்ள கிளைக்கோஜன் என்ற சேமிப்பு உறக்கத்தில் அவ்வளவாகக் குறைவதில்லை. முந்திய இரவு நன்றாகச் சாப்பிட்டிருந்தால், அரை மணி நேர மெதுவோட்டத்துக்கு அதுவே போதும். தண்ணீர் மட்டும் குடித்துவிட்டு ஓடலாம்.

வெறும் வயிற்றில் ஓடும்போது கொழுப்பு கூடுதலாக எரிவது உண்மையே. எனினும், சாப்பிட்ட பிறகு அன்றைய மீதிப் பொழுதில் அது குறைவாக எரிகிறது. அதனால் உடல் எடையில் பெரிய வேறுபாடு தெரிவதில்லை.

ஒரு மணி நேரத்தைத் தாண்டும் ஓட்டத்தில்தான் நிலைமை மாறுகிறது. அரை மாரத்தானுக்குத் தயாராகும் 60 கிலோ எடையுள்ள மாணவர் ஒருவரை 15 கிலோமீட்டர் ஓட வைத்தேன். முதல் 10 கிலோமீட்டரைக் கிலோமீட்டருக்கு 6 நிமிடம் என்ற வேகத்திலும், கடைசி 5 கிலோமீட்டரை ஐந்தரை நிமிட வேகத்திலும் ஓட வேண்டும். வெறும் வயிற்றோடு ஓடிய வாரம், 12ஆவது கிலோமீட்டருக்குப் பிறகு கால்கள் கனத்து, வேகம் மீண்டும் 6 நிமிடத்துக்கு இறங்கியது. பசியாறிவிட்டு ஓடிய அடுத்த வாரம், ஐந்தரை நிமிட வேகம் கடைசிவரை நிலைத்தது.

அன்று அவர் ஓட்டத்துக்கு ஒரு மணி நேரம் முன்பு காயா தடவிய இரண்டு ரொட்டித் துண்டுகளும் ஒரு வாழைப்பழமும் சாப்பிட்டார். அதில் ஏறத்தாழ 60 கிராம் மாவுச்சத்து, அதாவது ஒரு கிலோ எடைக்கு ஒரு கிராம் இருக்கும். நாசி லெமாக், பரோட்டா போன்ற கொழுப்பு மிகுந்த உணவு வயிற்றில் நெடுநேரம் தங்கும். அதைச் சாப்பிட்டால் மூன்று மணி நேரமாவது இடைவெளி தேவை. இல்லாவிட்டால் வயிற்றைப் பிடித்துக்கொண்டு நடக்க நேரிடும்.

நீங்களும் ஒரே பாதையில், ஒரே நேரத்தில், ஒரு வார இடைவெளியில் இரு விதமாகவும் ஓடிப் பாருங்கள். ஒவ்வொரு கிலோமீட்டருக்கும் ஆன நேரத்தை எழுதி, கடைசிப் பகுதியை ஒப்பிடுங்கள். தூக்கமும் வெயிலும்கூட வேகத்தை மாற்றும் என்பதால், ஒரே சோதனையை வைத்து முடிவெடுக்க வேண்டாம். ஓடும்போது தலைசுற்றினாலோ கைநடுக்கம் வந்தாலோ உடனே நிறுத்தி, இனிப்பாக ஏதேனும் அருந்துங்கள். இன்சுலின் போட்டுக்கொள்பவர்கள் மருத்துவரைக் கேட்காமல் வெறும் வயிற்றில் ஓடக் கூடாது.