விழித்திருக்கும் ஊர் – 7: இரண்டே முக்கால் மணி க்யூ

ஸ்ரீரங்கத்தில் எங்கள் பக்கத்து வீட்டுப் பையன் மாலை ஐந்தே முக்காலுக்கு கேப் ஏறுவான். திருச்சியில் ஓர் அலுவலகத்தில் அமெரிக்க மருத்துவமனைகளுக்கான பில்லிங் வேலை. ஆறரை முதல் மூன்றரை வரை ஷிப்ட். இன்சூரன்ஸ்காரர்கள் அனுப்பும் விவரத்திலிருந்து தொகையையும் காரணக் குறியீட்டையும் பதிய வேண்டும். ஒன்றை முடித்தால் க்யூவில் அடுத்தது வந்து நிற்கும்.

போன மாதம் மாட்டிக்கொண்டான். நோயாளி தன் கையிலிருந்து கட்ட வேண்டிய டிடக்டிபிள் தொகைக்கு PR-1 என்று போட வேண்டும். ஒப்பந்தப்படி மருத்துவமனை தள்ளுபடி செய்வதற்கு CO-45. இவன் முன்னதைப் பின்னதாகப் போட்டுவிட்டான். பாக்கி பூஜ்யம், கணக்கு நேர். சிவப்பில் எதுவும் எரியவில்லை. நோயாளிக்கு பில்லும் போகவில்லை. ஆடிட்டில் பிடிபட்டபோது பதிந்த நேரம் 2.40.

"தூங்கலண்ணா. கண்ணு தெறந்துதான் இருந்துது" என்றான்.

நம்புகிறேன். ரேடார் பார்க்கிறவர்கள் ஏன் கோட்டை விடுகிறார்கள் என்று இங்கிலாந்தில் நார்மன் மேக்வொர்த் ஆராய்ந்து 1948-இல் எழுதினார். ஒரு முள் படிப்படியாக நகரும். எப்போதாவது இரண்டு படி தாவும். அதைக் கண்டால் பொத்தானை அழுத்த வேண்டும், அவ்வளவுதான் வேலை. அரை மணி தாண்டியதுமே தாவலைத் தவறவிடுவது கூடிவிட்டது. அரை மணிக்கொரு முறை ஆளை மாற்றி ஓய்வு கொடுத்தபோது அந்தச் சரிவு இல்லை. இதன்மேல் உடம்புச் சூடு தணிந்துகொண்டே போகும் பின்னிரவும் சேர்ந்தால்? எந்த அலுவலகம் அரை மணி ஓய்வு தரும்! இவன் இப்போது தள்ளுபடி கலந்த கணக்குகளை ஒரு மணிக்குள் முடித்துவிடுகிறான். அதற்குமேல் நேர்க் கணக்குகள்தான். அரை மணிக்கொரு தரம் எழுந்து தண்ணீர் பிடித்து வருகிறான்.

ஒரு மணி இடைவேளைக்கு பரோட்டா, சால்னா என்பது பழைய வழக்கம். 2021-இல் வெளியான அமெரிக்க ஆய்வொன்றில், இரவு வேலை போன்ற சூழலில் இரவிலும் சாப்பிட்டவர்களுக்குச் சர்க்கரை சராசரியாக 6.4 சதவீதம் ஏறியது. பகலில் மட்டும் சாப்பிட்டவர்களுக்கு ஏறவில்லை. சின்ன ஆய்வுதான். ஆனாலும் அவன் ஐந்து மணிக்கே வீட்டில் வயிறாரச் சாப்பிட்டுக் கிளம்புகிறான். நடுவில் பசித்தால் இரண்டு இட்லி. கடைசி டீ பதினொன்றுக்கு. அதன் காஃபினில் ஏறக்குறைய பாதி நான்கு மணிக்கும் உடம்பில் இருக்கும்.

காவிரிப் பாலம் தாண்டி வீடு சேரும்போது தெருவில் கோலம் போட்டுக்கொண்டிருப்பார்கள். ஐந்துக்குப் படுத்துப் பதினொன்றுக்கு எழுகிறான். வம்பு லீவு நாளில்தான். பத்து மணிக்கே படுத்தால் திங்கட்கிழமை உடம்பு பகல்காரனாகிவிடும். தினமும் நான்கு மணி நேரத் தூக்கமாவது ஒரே பொழுதில் விழுந்தால் உடம்பின் கடிகாரம் நிலைப்படும் என்று மைனர்ஸ், வாட்டர்ஹவுஸ் என்ற இருவர் காட்டியிருக்கிறார்கள். அதனால் லீவில் மூன்றுக்குப் படுத்து ஒன்பதுக்கு எழுகிறான். ஐந்திலிருந்து ஒன்பது இரண்டுக்கும் பொது. "லீவுலயும் கோட்டான் மாதிரி முழிச்சிண்டிருக்கான்" என்பது அவன் அம்மாவின் புகார்.

நவம்பரில் அமெரிக்காவில் கடிகாரத்தை ஒரு மணி பின்னுக்குத் தள்ளுவார்கள். ஷிப்ட் ஏழரைக்குப் போகும், படுக்கை ஆறுக்கு. அடுத்த மாதமே மார்கழி. அவன் ஜன்னலுக்கு நேரே ஒலிபெருக்கி.