அம்பை விடாமல் இறக்கத் தெரியுமா?

முழு ஆண்டுத் தேர்வு முடிந்து பள்ளிகள் மூடியதும் வில்வித்தைப் பயிற்சியாளர்களுக்குக் கடிதங்கள் வரத் தொடங்கிவிடும். கேள்வி ஏறக்குறைய ஒன்றுதான்: பிள்ளையை இப்போதே சேர்க்கலாமா? கோவைப் பக்கத்து அம்மா ஒருவர் எழுதியதாக அப்படி ஒரு கடிதத்தை எடுத்துக்கொள்வோம்.

“சார், வணக்கம். வருகிற ஜூனில் என் மகளுக்கு ஏழு வயது முடிகிறது. உயரம் 118 சென்டிமீட்டர், எடை 20 கிலோ. டி.வி.யில் மகாபாரதம் பார்த்ததிலிருந்து வில் வேண்டும், வில் வேண்டும் என்று உயிரை எடுக்கிறாள். பிளாஸ்டிக் வில்லை வைத்துக்கொண்டு கதவில் குறி தப்பாமல் அடிக்கிறாள். விஜயவாடாவில் மூன்று வயதுகூட நிரம்பாத குழந்தை சாதனை செய்ததாகப் படித்தேன். நாங்கள் தாமதித்துவிட்டோமா? வில் வாங்கிக்கொண்டுதான் வர வேண்டுமா?”

பொறுப்பாக எழுதிய கடிதம். உயரம், எடையெல்லாம் இருக்கிறது. ஆனால் பயிற்சியாளர் தேடும் முக்கியமான விவரம் இதில் இல்லை. அந்தப் பெண் ‘நில்’ என்றால் நிற்பாளா?

விஜயவாடா விஷயம் உண்மைதான். 2015-இல் அந்தக் குழந்தை ஐந்து மீட்டரிலும் ஏழு மீட்டரிலும் அம்பு எய்தது. அது வில்வித்தைக் குடும்பத்தில் பிறந்த குழந்தை. வில்லும் அம்பும் அதற்கென்றே எடை குறைத்துச் செய்யப்பட்டவை. பக்கத்திலேயே பெரியவர்கள் நின்றார்கள். இவ்வளவும் அமைகிற வீடு எத்தனை இருக்கும்?

தாமதம் பற்றிய கவலைக்கு நம் நாட்டு வீராங்கனைகளே பதில். தீபிகா குமாரி ஜார்க்கண்டின் கர்சாவான் பயிற்சிக்கூடத்தில் சேர்ந்தது 2005-இல், ஏறத்தாழ பதினோரு வயதில். 2012-இல் அவர் உலகத் தரவரிசையில் முதலிடத்தில் இருந்தார். கைகள் இல்லாமல் காலால் வில்லைப் பிடிக்கும் ஷீதல் தேவி பயிற்சியைத் தொடங்கியபோது பதினைந்து வயது. இரண்டே ஆண்டில், 2024 பாரிஸ் பாராலிம்பிக்கில் ராகேஷ் குமாருடன் சேர்ந்து வெண்கலம் வென்றார். ஏழு வயதுப் பிள்ளை ஒரு வருடம் பொறுத்து வந்தால் எதுவும் கைநழுவிப் போய்விடாது.

அப்படியானால் எந்த வயதில் சேர்க்கலாம்? அமெரிக்காவின் தேசிய வில்வித்தை அமைப்பு நடத்தும் சிறுவர் திட்டம் எட்டு வயதில் தொடங்குகிறது. 2002-இல் கென்டக்கி மாநிலத்தில் தொடங்கிப் பல நாடுகளுக்குப் பரவிய பள்ளி வில்வித்தைத் திட்டம் நான்காம் வகுப்பு முதல்தான் பிள்ளைகளைச் சேர்க்கிறது. இங்கே ஆறு, ஏழு வயதில் சேர்க்கும் பயிற்சிக்கூடங்களும் உண்டு. வயது ஓர் அடையாளம் மட்டுமே. ஆறரை வயதில் தயாராக இருக்கும் பிள்ளையும் உண்டு, பத்து வயதிலும் தயாராகாத பிள்ளையும் உண்டு. அதனால்தான் அனுபவமுள்ள பயிற்சியாளர் கடிதத்துக்குச் ‘சரி’ என்றோ ‘வேண்டாம்’ என்றோ உடனே பதில் போடுவதில்லை. “ஒரு நாள் கூட்டிக்கொண்டு வாருங்கள், பார்க்கிறேன்” என்பார்.

முதலில் ஒரு டேப்பை எடுத்து, பிள்ளை இரண்டு கைகளையும் பக்கவாட்டில் விரித்து நிற்க, ஒரு நடுவிரல் நுனியிலிருந்து மறு நுனிவரை அளப்பார். நம் கடிதத்துப் பெண்ணுக்கு 115 சென்டிமீட்டர், அதாவது 45 அங்குலம் வருகிறது என்று வைத்துக்கொள்வோம். இதை இரண்டரையால் வகுத்தால் 18. நாணை முகம்வரை இழுக்கும்போது அவளுக்கு வரக்கூடிய இழுநீளம் சுமார் 18 அங்குலம். அம்பு இதைவிட மூன்று நான்கு அங்குலமாவது நீளமாக இருக்க வேண்டும். அம்பு குட்டையாக இருந்து பிள்ளை கொஞ்சம் கூடுதலாக இழுத்துவிட்டால் அதன் முனை வில்லைத் தாண்டி உள்ளே வந்து விழும். அந்த நேரத்தில் நாணை விட்டால் அம்பு பாய்வது வில்லைப் பிடித்திருக்கும் கையில். அதனால் இவளுக்கு 22 அங்குலத்துக்குக் குறைந்த அம்பைக் கொடுக்க மாட்டார்கள்.

அடுத்தது வில்லின் பலம். சிறுவர் ரிகர்வ் வில் ஒன்றில் ‘14 பவுண்டு’ என்று எழுதியிருந்தால் அது 28 அங்குலம் இழுக்கும்போது வரும் கணக்கு. 18 அங்குலம் மட்டுமே இழுக்கும் பிள்ளைக்கு அதில் பாதி, ஏழு பவுண்டு அளவுதான் விரலில் தெரியும். மூன்று கிலோவுக்குச் சற்று மேலே. ஆகவே எழுதியிருக்கும் எண்ணைப் பார்த்துப் பெற்றோர் பயப்பட வேண்டாம். தூக்கிப் பிடிக்க வேண்டிய வில்லின் சொந்த எடைதான் சின்னப் பிள்ளைகளை முதலில் சோர வைக்கும். 48 அங்குல மரவில் என்றால் ஏழு வயதுக்குச் சமாளிக்கலாம். அலுமினியப் பிடியும் குறிகாட்டியும் மாட்டிய வில்லைக் கொடுத்தால் இரண்டாவது அம்பிலேயே இடது கை தொங்கிப்போகும்.

பலம் பற்றாத பிள்ளையைக் கண்டுபிடிக்கக் கருவி எதுவும் தேவையில்லை, பக்கவாட்டில் நின்று பார்த்தால் போதும். இழுக்கும்போது இடுப்புக்கு மேலே உடம்பு பின்னால் சாயும், வில்லைப் பிடித்த தோள் காதைத் தொடுகிற மாதிரி எழும்பும். சிலர் வில்லை வானத்தைப் பார்க்கத் தூக்கி, இறக்குகிற வேகத்தில் இழுத்துப் பார்ப்பார்கள். இவற்றில் ஒன்று தெரிந்தாலும் அந்த வில் அந்தப் பிள்ளைக்கு அதிகம். ‘பழகினால் சரியாகிவிடும்’ என்று விட்டால் சாய்வுதான் பழகும். எலும்பின் வளரும் முனைகள் இன்னும் மூடாத வயது அது. தோளிலும் முழங்கையிலும் ஒரே இடத்தில் திரும்பத் திரும்ப அழுத்தம் கொடுப்பது நல்லதில்லை.

கண்ணையும் பார்ப்பார்கள். இரண்டு உள்ளங்கைகளையும் முன்னால் நீட்டி, நடுவே சிறிய ஓட்டை விட்டு, அதன் வழியே தூரத்துப் பொருள் ஒன்றைப் பார்க்கச் சொல்வது வழக்கம். ஒவ்வொரு கண்ணாக மூடும்போது எந்தக் கண்ணுக்குப் பொருள் மறையாமல் இருக்கிறதோ அதுவே குறிபார்க்கும் கண். வலக்கைப் பழக்கமுள்ள பிள்ளைக்கு இடது கண் ஓங்கியிருந்தால் இடக்கை வில்லைக் கொடுத்துப் பார்ப்பது பலரின் வழி.

இவ்வளவும் உடம்பைப் பற்றியது. முக்கியமான சோதனை இனிமேல்தான்.

வில்வித்தைக் களம் விசிலில் நடக்கிறது. இரண்டு விசில் என்றால் கோட்டுக்கு வர வேண்டும். ஒன்று என்றால் எய்யலாம். மூன்று என்றால் எல்லாரும் எய்து முடித்தாயிற்று, போய் அம்பை எடுத்து வரலாம். ஐந்தோ அதற்கு மேலோ ஊதினால் ஆபத்து: யாரும் எய்யக் கூடாது. நாணை முழுக்க இழுத்து வைத்திருப்பவர்கூட அம்பை விடாமல் மெதுவாக முன்னால் கொண்டுவந்து இறக்க வேண்டும். பயிற்சிக்கூடங்களில் இதை ‘லெட் டவுன்’ என்பார்கள்.

ஏழு வயதுப் பிள்ளை தயாரா என்பது இந்த ஒரு செயலில் தெரிந்துவிடும். நாணை இழுத்த எந்தக் கைக்கும் விட்டுவிடத்தான் துடிப்பு இருக்கும். விசில் கேட்டதும் அந்தத் துடிப்பை அடக்க மனம் வேண்டும். இழுத்ததைக் கையிலேயே வைத்துக்கொண்டு மெல்ல இறக்க, இழுத்தபோது செலவானதைவிடக் கூடுதல் நிதானம் தோளுக்கு வேண்டும். வில் கனமாக இருந்தால் கீழ்ப்படிகிற பிள்ளையாலும் இறக்க முடியாது, நாண் விரலை விட்டு நழுவிவிடும். உடம்பு, மனம் இரண்டையும் ஒரே மூச்சில் அளக்கும் சோதனை வேறு எதுவும் எனக்குத் தெரிந்து இல்லை.

நம் கடிதத்துப் பெண்ணுக்கு என்ன நடந்தது என்று பார்ப்போம். முதலில் அவள் கையில் கொடுத்தது வில் இல்லை, ஒரு ரப்பர் பட்டை. இழுப்பது, தாடைக்குக் கொண்டுவருவது, திரும்ப இறக்குவது என்று அதில் பழகினாள். பிறகு கையில் ஆர்ம் கார்டு, விரலில் தோல் டேப். நாண் முன்கையில் ஒருமுறை பட்டால் சிவந்து வீங்கும், அதோடு சில பிள்ளைகள் களத்துப் பக்கமே திரும்ப மாட்டார்கள். அதனால்தான் முழங்கையை எப்படித் திருப்பி வைப்பது என்று அம்புக்கு முன்பே காட்டினார் பயிற்சியாளர். அம்பு இல்லாமல் நாணை விடக் கூடாது, வில்லே உடையும் என்பதையும் சொன்னார்.

ஐந்து மீட்டரில் பெரிய இலக்கு, அதில் வட்டங்கள் ஒட்டாத வெறும் பரப்பு. அவள் நிமிர்ந்து நின்று எய்தாள். உடம்பு சாயவில்லை, தோள் எழும்பவில்லை. நான்கு அம்பும் இலக்கிலேயே. அம்மாவுக்கு முகமெல்லாம் சிரிப்பு.

“இப்ப இழுத்துப் புடி கண்ணு. விசில் அடிச்சா விடக் கூடாது, மெதுவா எறக்கணும்.”

இழுத்தாள். விசில் ஐந்து முறை ஒலித்தது. இரண்டாவது விசிலிலேயே அம்பு பறந்துவிட்டது. இன்னொரு முறை சொல்லிக்கொடுத்தார். இந்த முறை விசிலுக்கு நின்றாள், ஆனால் இறக்கும்போது பயிற்சியாளரைப் பார்த்து அம்போடு அப்படியே திரும்பினாள். அவர் கை முன்பே வில்லின் மேல் இருந்ததால் ஒன்றும் ஆகவில்லை. மூன்று விசிலுக்கு மற்றப் பிள்ளைகள் நடந்து போக, இவள் அம்பை எடுக்க ஓடினாள். இலக்கில் குத்தி நிற்கும் அம்பின் பின்முனை சரியாக ஒரு குழந்தையின் கண் உயரத்தில் இருக்கும். களத்தில் யாரையும் ஓட விடாததற்குக் காரணம் அதுதான்.

உடம்பு தயார், பழக்கம் இன்னும் வரவில்லை என்பது அவருடைய முடிவு. பதிலில் இப்படி எழுதினார்: “அம்மா, பெண்ணுக்கு நல்ல நிலை இருக்கிறது. மூன்று மாதம் கழித்துக் கூட்டி வாருங்கள். அதுவரை நான் கொடுத்த ரப்பர் பட்டையில் தினமும் பத்து முறை இழுக்கட்டும், பத்து முறையும் விடாமல் இறக்கட்டும். நடுவில் திடீரென்று ‘நில்’ என்று சொல்லிப் பாருங்கள். சேர்ந்த பிறகும் வாரம் இரண்டு நாள், ஒரு நாளைக்கு முப்பது அம்புக்கு மேல் வேண்டாம். அதற்குள் அவளாகவே சலித்தால் வீட்டுக்கு அழைத்துப் போய்விடுங்கள்.”

முப்பது குறைவு என்று பெற்றோருக்குத் தோன்றலாம். இருபது நிமிடத்துக்குப் பிறகு அந்த வயதுப் பிள்ளை எய்கிற அம்பில் கவனம் இருக்காது. களைத்த தோளோடு எய்கிற அம்பு தப்பான பழக்கத்தைத்தான் சேர்க்கும். எண்ணிக்கையைக் காட்டிப் பெருமைப்படும் பயிற்சிக்கூடம் என்றால் சின்னப் பிள்ளையோடு கொஞ்சம் தள்ளியே நிற்கலாம்.

வில் வாங்கும் கேள்விக்கும் பதிலில் இரண்டு வரி இருந்தது. முதல் ஆண்டு கூடத்து வில்லே போதும். இழுநீளம் கூடக் கூட அம்பும் மாறும், வில்லும் மாறும். ஆறு மாதத்துக்கு ஒருமுறை கையை விரித்து அளந்துவிட்டு முடிவு செய்யலாம். இப்போதே வாங்க ஆசை என்றால் அவள் விரலுக்குச் சரியான தோல் டேப்பும் ஆர்ம் கார்டும் வாங்குங்கள். கூடத்தில் இருப்பவை பெரிய பிள்ளைகளின் அளவு. பிளாஸ்டிக் வில்லைப் பிடுங்க வேண்டியதில்லை, ஆனால் அதிலும் கதவுக்கு முன்னால் ஒரு கோடு போட்டு, நீங்கள் சொன்ன பிறகே எய்யச் சொல்லுங்கள்.