பத்து நிமிடம் தாமதமாகும் என்று சொல்வது எப்படி?

"வந்துட்டே இருக்கேன் சார், அஞ்சே நிமிஷம்." காலை பத்தரை மணிக் கூட்டத்துக்கு 10:33-க்கு வந்து சேரும் இந்த வாட்ஸ்அப் செய்தியைப் பார்க்காத அலுவலகம் இருக்காது. அனுப்பியவர் மரியாதையாகத்தான் அனுப்புகிறார். ஆனால் மேசையைச் சுற்றி உட்கார்ந்திருக்கும் நாலு பேருக்கு இதனால் ஒரு பயனும் இல்லை. பேச்சைத் தொடங்குவதா, காத்திருப்பதா, அதற்குள் ஒரு டீ குடித்துவிட்டு வருவதா? எதையும் இந்தச் செய்தியை வைத்து முடிவு செய்ய முடியாது.

தாமதச் செய்தியின் முதல் வேலை, காத்திருப்பவர் ஒரு முடிவெடுக்க உதவுவது. வருத்தம் தெரிவிப்பது அதற்கு அடுத்த வேலைதான்.

காத்திருப்பவரின் மனநிலை பற்றி டேவிட் மைஸ்டர் என்ற நிர்வாகவியல் அறிஞர் 1985-ல் எழுதிய கட்டுரை இன்றும் பேசப்படுகிறது. எவ்வளவு நேரம் என்று தெரியாத காத்திருப்பு, தெரிந்த காத்திருப்பைவிட நீளமாகத் தோன்றும் என்றார் அவர். அதே கட்டுரையில் இன்னொன்றையும் கவனித்துச் சொல்கிறார். ஒரு சந்திப்புக்கு அரை மணி நேரம் முன்னதாக வந்தவர் குறித்த நேரம் வரை அமைதியாகவே உட்கார்ந்திருப்பார். அந்த நேரம் தாண்டிய பிறகு பத்து நிமிடம்கூட அவருக்குத் தாங்காது. எரிச்சல் கடிகாரத்தைப் பார்த்துத்தான் ஆரம்பிக்கிறது. அதனால் 10:15-க்கு அனுப்பும் செய்தியும் 10:33-க்கு அனுப்பும் செய்தியும் ஒன்றல்ல. முதலாவதைப் படிப்பவர் தன் வேலையை மாற்றி அமைத்துக்கொள்வார். இரண்டாவதைப் படிப்பவர் ஏற்கெனவே கோபத்தில் இருப்பார்.

அப்படியானால் ஏன் எல்லோரும் கடைசி நிமிடம் வரை அனுப்பாமல் இருக்கிறார்கள்? 'எப்படியும் பிடிச்சிடலாம்' என்ற நம்பிக்கைதான் காரணம். இது சோம்பல் அல்ல, மனித மனத்தின் பொதுவான பிசகு. 1994-ல் வெளியான ஓர் ஆய்வில், பட்ட ஆய்வேட்டை எழுதிக்கொண்டிருந்த மாணவர்களிடம் எத்தனை நாளில் முடிப்பீர்கள் என்று கேட்டார்கள். சராசரியாக 34 நாள் என்றார்கள். எல்லாமே மோசமாகப் போனால்? 49 நாள் என்றார்கள். உண்மையில் ஆனது சுமார் 55 நாள். மிக மோசமாக நினைத்துப் போட்ட கணக்குகூடப் போதவில்லை. டேனியல் கானமன், அமோஸ் டிவெர்ஸ்கி என்ற உளவியலாளர்கள் 1979-லேயே இந்தப் பிசகைச் சுட்டிக்காட்டியிருந்தார்கள். வேலையின் ஒவ்வொரு படியையும் நினைக்கும்போது அது தடங்கல் இல்லாமல் நடப்பதாகவே மனம் கற்பனை செய்கிறது. முந்தைய முறைகளில் எவ்வளவு நேரம் ஆனது என்பதை அது எடுத்துப் பார்ப்பதில்லை.

சென்னைச் சாலையில் இது எப்படி நடக்கிறது என்று பார்க்கலாம். தாம்பரத்திலிருந்து ஒருவர் கால் டாக்ஸியில் தேனாம்பேட்டைக்கு வருகிறார் என்று வைத்துக்கொள்வோம். ஒரு வாடிக்கையாளர் அலுவலகத்தில் பத்தரைக்குக் கூட்டம். 10:10-க்கு வண்டி கத்திப்பாரா பக்கம் ஊர்ந்துகொண்டிருக்கிறது. போனில் மேப் 25 நிமிடம் காட்டுகிறது. அதாவது 10:35. 'அஞ்சு நிமிஷம்தானே லேட்' என்று மனம் சொல்லும். ஆனால் மேப் காட்டுவது கட்டடத்தின் வாசல் வரைக்கும்தான். வாசலில் இறங்கிப் பணம் கொடுக்க வேண்டும், செக்யூரிட்டியிடம் ரிஜிஸ்டரில் பெயர், போன் நம்பர், யாரைப் பார்க்க வந்தோம் என்று எழுத வேண்டும், விசிட்டர் அட்டை வாங்கி லிஃப்டுக்கு நிற்க வேண்டும். அதற்குப் பத்து நிமிடம் போய்விடும். ஆக 10:45. வழியில் சைதாப்பேட்டையில் ஒரு சிக்னல் கூடுதலாக விழலாம் என்று இன்னும் ஐந்து நிமிடம் சேர்த்தால் 10:50. அவர் சொல்ல வேண்டிய நேரம் இதுதான். ஐந்து நிமிடம் என்று சொல்லிவிட்டு 10:50-க்கு நுழைபவர் இரண்டு முறை தாமதமானவர் ஆகிறார். 10:50 என்று சொல்லிவிட்டு 10:46-க்கு நுழைபவரைப் பார்த்து யாரும் முகம் சுளிப்பதில்லை.

இனி மன்னிப்பு. எந்த மாதிரி மன்னிப்பு எடுபடுகிறது என்று அமெரிக்காவின் ஒஹையோ மாநிலப் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த ராய் லெவிக்கியும் சக ஆய்வாளர்களும் 755 பேரிடம் சோதித்து 2016-ல் வெளியிட்டார்கள். வருத்தம், விளக்கம், பொறுப்பேற்பு, இனிச் செய்யமாட்டேன் என்ற உறுதி, ஈடுகட்டல், மன்னிக்கக் கேட்பது என மன்னிப்பை ஆறு கூறுகளாகப் பிரித்தார்கள். அதிகம் எடுபட்டது 'என் தவறுதான்' என்று பொறுப்பேற்பது. அடுத்தது ஈடுகட்ட முன்வருவது. 'மன்னித்துவிடுங்கள்' என்று கேட்பதுதான் கடைசி இடத்தில் நின்றது. நாம் பெரும்பாலும் இதைத் தலைகீழாகச் செய்கிறோம். "சாரி சாரி சாரி" என்று மூன்று தடவை, கும்பிடும் எமோஜி நாலு, பிறகு டிராஃபிக் பற்றி ஒரு பத்தி. தலைநகரத்தில் காலை டிராஃபிக் இருப்பது காத்திருப்பவருக்கும் தெரியும், அவரும் அதே சாலையில்தான் வந்திருக்கிறார்.

தாம்பரத்துக்காரர் 10:12-க்கு இப்படி அனுப்பலாம்:

"சார் வணக்கம். பத்தரை மீட்டிங்குக்கு நான் வந்து சேர 10:50 ஆயிடும். நான் லேட்டா கிளம்பிட்டேன், என் தப்புதான், மன்னிக்கணும். கொட்டேஷனை இப்பவே மெயில்ல அனுப்பிட்டேன். டெலிவரி விஷயத்தை நீங்க பேச ஆரம்பிச்சிடுங்க, விலை பேசறப்ப நான் வந்துடுவேன். வேற நேரம் வசதின்னாலும் சொல்லுங்க."

நேரம் முதல் வரியிலேயே இருக்கிறது. அறிவிப்புத் திரையில் முதல் வரி மட்டும் தெரிந்தாலும் விஷயம் போய்ச் சேர்ந்துவிடும். காரணம் ஒரு வரியோடு நிற்கிறது. கொட்டேஷனும் பேச்சின் வரிசையும் ஈடுகட்டலாக நிற்கின்றன. கடைசி வாக்கியம் முடிவை எதிராளியின் கையில் கொடுக்கிறது. காக்க வைக்கப்பட்டவருக்கு அந்த உரிமை உண்டு.

காரணத்தைப் பொய்யாக்க வேண்டாம். டயர் பஞ்சர், உறவினருக்கு உடம்பு சரியில்லை என்பதெல்லாம் அடுத்த சந்திப்பில் நலம் விசாரிக்கும்போது மாட்டிக்கொள்ளும். ஜப்பானில் ரயில் தாமதமானால் ரயில் நிறுவனமே தாமதச் சான்றிதழ் தருகிறது, ஊழியர் அதை அலுவலகத்தில் காட்டலாம். நம்மிடம் அப்படி ஒரு சீட்டு இல்லாததால், நம் சொல்லின் நம்பகத்தன்மையை வைத்துத்தான் எதிரில் இருப்பவர் எடைபோடுகிறார். மின்சார ரயில் உண்மையிலேயே நின்றுபோனால் அதைச் சொல்லலாம். தாமதமாக எழுந்திருந்தால் 'லேட்டா கிளம்பிட்டேன்' என்ற இரண்டு சொல் போதும்.

அனுப்பிய செய்தி படிக்கப்பட்டதா என்பதையும் பார்க்க வேண்டும். ஒற்றை டிக் என்றால் அவர் போனுக்கே இன்னும் போய்ச் சேரவில்லை. இரட்டை டிக் விழுந்தும் பதில் இல்லாமல், கூட்டத்துக்குப் பத்து நிமிடமே இருந்தால் ஒரு போன் அடித்துவிடுவது நல்லது. இருவர் மட்டும் சந்திக்கும் இடத்தில் முதலிலேயே போன்தான் சரி. நிறையப் பேர் கூடும் கூட்டமென்றால் அதை நடத்துபவருக்குத் தனியாக அனுப்பினால் போதும். நாற்பது பேர் உள்ள குரூப்பில் போட்டால் சம்பந்தமில்லாத முப்பது பேருக்கும் போன் சிணுங்கும்.

சொன்ன 10:50-ம் தவறும் என்று வழியில் தெரிந்தால், 10:50 ஆகும் முன்பே திருத்திய நேரத்தை ஒருமுறை அனுப்ப வேண்டும். மூன்றாவது திருத்தம் தேவைப்படும் நிலை வந்தால், சந்திப்பை வேறு நாளுக்கு மாற்றிக் கேட்பதுதான் மரியாதை. ஒன்று மட்டும்: நீங்களே வண்டி ஓட்டுகிறீர்கள் என்றால், ஓரமாக நிறுத்திவிட்டுத் தட்டச்சு செய்யுங்கள். அதற்கு ஆகும் இரண்டு நிமிடத்தையும் சேர்த்தே நேரத்தைச் சொல்லுங்கள்.