'அவர்களே' கணக்கு

போன மாசி மாதம் எங்கள் தெரு விழாவில் கடைசி மூன்று நடனங்கள் நடக்கவே இல்லை. பிள்ளைகள் சாயங்காலம் நாலு மணிக்கே வேஷம் போட்டு உட்கார்ந்திருந்தார்கள். பத்து மணிக்கு மைக்கை அணைத்ததும் ஒரு பொண்ணு மேடைக்குப் பின்னால் நின்று அழுதது. கமிட்டியில் நானும் ஒருத்தன் என்பதால், வீடியோவை ஓடவிட்டு நேரம் எங்கே போச்சு என்று கணக்குப் பார்த்தேன்.

பத்து மணி நாங்களாக வைத்த கெடு இல்லை. 2000-ஆம் ஆண்டின் ஒலி மாசு விதிகள்படி இரவு 10 முதல் காலை 6 வரை பொது இடத்தில் ஒலிபெருக்கி கூடாது. ஆண்டுக்கு 15 நாளுக்கு மிகாமல் நள்ளிரவு வரை தளர்த்த மாநில அரசுக்கு அதிகாரம் உண்டு. அந்தத் தளர்வைக் கமிட்டி தானாக எடுத்துக்கொள்ள முடியாது.

அழைப்பிதழில் 22 பெயர்கள். "மரியாதைக்குரிய... சங்கத்தின் மேனாள் செயலாளர்... அவர்களே" என்று ஒருவரை விளிக்க சுமார் 7 விநாடி. 22 பேருக்கு இரண்டரை நிமிடம்தான், பெரிய விஷயமில்லை. ஆனால் பேச வந்த ஆறு பேரும் முதலிலிருந்து அதே பட்டியலைச் சொன்னார்கள்: 15 நிமிடம். சால்வை, போட்டோ என்று ஆளுக்கு 40 விநாடி: இன்னொரு 15 நிமிடம். ஒரு நடனம் 8 நிமிடம் என்றால், மூன்று நடனமும் இதிலேயே போய்விட்டது.

இந்த வருஷம் பெயர்களை அறிவிப்பாளர் மட்டும், ஒரே தடவை, அகர வரிசையில் படித்தார். பதவி வரிசையில் படித்தால் யார் முன்னே என்று சண்டை வரும் (வந்திருக்கிறது!). சால்வையை மேடைக்குக் கீழேயே போட்டு முடித்துவிட்டோம்.

நேரமும் யோசித்து வைத்ததுதான். இந்த மாதத்தில் இங்கே சூரியன் மறைவது 6.30 வாக்கில். அப்போது பேகம்பூர் பக்கமிருந்து மாலைத் தொழுகைக்கான பாங்கு கேட்கும். அதனால் மைக் சோதனையை 6.20-க்குள் முடித்து, 6.45-க்கு ஆரம்பித்தோம். மூன்று மதத்துக்கும் தனித்தனி முகமன் சொல்லலாமா என்று ஒருவர் கேட்டார். எனக்கு உடன்பாடில்லை; எண்ண ஆரம்பித்தால் யாராவது விடுபட்டுப் போவார்கள். 'வணக்கம்' எல்லோருக்கும் போதும்.

கடைசியில் தொடக்க அறிவிப்பு இவ்வளவுதான்:

"பெரியோர்களே, தாய்மார்களே, பிள்ளைகளே, எல்லோருக்கும் வணக்கம். முதலில் தமிழ்த்தாய் வாழ்த்து. நிற்க இயலாதவர்கள் அமர்ந்தே இருக்கலாம். பேச்சாளர்கள் ஆறு பேர், ஆளுக்கு மூன்று நிமிடம். இரண்டரை நிமிடத்தில் ஒரு மணி அடிக்கும். 7.15-க்குப் பிள்ளைகளின் நடனம் தொடங்கும். 9.50-க்கு நன்றியுரை. பத்து மணிக்கு ஒலிபெருக்கி நிற்கும்."

தமிழ்த்தாய் வாழ்த்துக்கு 55 விநாடி என்று 2021 அரசாணையே சொல்கிறது. மாற்றுத்திறனாளிகள் எழுந்து நிற்க வேண்டியதில்லை என்பதும் அதில் உண்டு.

மூன்று நிமிடம் என்பதைப் போன வருஷமும் சொல்லியிருந்தோம், பேச்சாளர் காதில் மட்டும். இந்த முறை கூட்டத்துக்கே தெரியும். மணி அடித்ததும் முன்வரிசைப் பிள்ளைகள் மேடையைத் திரும்பிப் பார்த்தார்கள். ஒருவர் மட்டும் ஐந்து நிமிடம் பேசினார். நடனம் 7.18-க்குத் தொடங்கியது.