நாக்குக்கு அடியில் ஒரு குறுக்குவழி

லண்டன் வெஸ்ட்மின்ஸ்டர் மருத்துவமனையில் பணியாற்றிய வில்லியம் முரல் என்ற இளம் மருத்துவர், நைட்ரோகிளிசரின் கரைசல் இருந்த புட்டியின் ஈரமான தக்கையை ஒருநாள் நாக்கில் தொட்டுப் பார்த்தார். கரைசலில் நூற்றுக்கு ஒரு பங்குதான் மருந்து. சற்று நேரத்திலேயே அவருடைய நாடி தடதடவென்று அடிக்கத் தொடங்கியது. ஒவ்வொரு துடிப்புக்கும் கையிலிருந்த பேனா எகிறியதாக அவரே எழுதியிருக்கிறார். டைனமைட்டுக்குள் இருக்கும் அதே எண்ணெய், இதயத்துக்கு ரத்தம் போதாமல் வரும் நெஞ்சுவலிக்கு மருந்தாகும் என்பதை 1879இல் லான்செட் இதழ் வழியாக உலகுக்குச் சொன்னவர் அவர்தான்.

தக்கையில் ஒட்டியிருந்த அந்தச் சிறு ஈரத்தை அவர் நாக்கில் வைக்காமல் ஒரு டம்ளர் தண்ணீரில் கலந்து மடமடவென்று குடித்திருந்தால், அநேகமாக எதையும் உணர்ந்திருக்க மாட்டார். மருந்து அதேதான், அளவும் அதேதான். போகும் பாதை மட்டும் வேறு.

நாக்கைத் தூக்கிக் கண்ணாடியில் பார்த்தால் அடியில் நீல நிற நரம்புகள் தெரியும். மக்கள் நரம்பு என்று சொன்னாலும் அவை சிரைகள், அதாவது ரத்தத்தை இதயத்துக்குத் திருப்பிக் கொண்டுபோகும் குழாய்கள். அவற்றின் மேலுள்ள சவ்வு மிக மெல்லியது. எச்சிலில் கரைந்த மருந்து அதைக் கடந்து சிரைக்குள் இறங்கினால், கழுத்துச் சிரை வழியாக நேரே இதயத்துக்குப் போய்விடும். நைட்ரோகிளிசரின் கொழுப்பில் எளிதில் கரையக்கூடிய சிறு மூலக்கூறு என்பதால் சவ்வு அதற்கு ஒரு தடையே இல்லை. ஒன்று முதல் மூன்று நிமிடங்களுக்குள் ரத்தக் குழாய்கள் தளர்ந்து இதயத்தின் சுமை குறையத் தொடங்குகிறது.

விழுங்கிய மாத்திரை இந்த வழியில் போவதில்லை. இரைப்பையில் கரைந்து, சிறுகுடலில் உறிஞ்சப்படுகிறது. குடலிலிருந்து கிளம்பும் ரத்தம் இதயத்துக்கு நேரே போகாமல், போர்ட்டல் சிரை வழியாக முதலில் கல்லீரலுக்குள் நுழைகிறது. உடலுக்குள் வரும் சரக்கில் தன் பங்கை எடுத்துக்கொண்டு மிச்சத்தை மட்டும் உள்ளே விடும் சுங்கச்சாவடி அது. உணவோடு வரும் நச்சை முறிக்க ஏற்பட்ட ஏற்பாடு, மருந்து என்பதற்காக விலக்கு அளிப்பதில்லை. நைட்ரோகிளிசரினிலுள்ள நைட்ரேட் பகுதிகளைக் கல்லீரலின் நொதிகள் ஒவ்வொன்றாகக் கழற்றிவிடுகின்றன. மிஞ்சும் பொருளுக்கு வீரியம் மிகக் குறைவு. முதல் சுற்றிலேயே நடக்கும் இந்த இழப்பை மருத்துவர்கள் ‘ஃபர்ஸ்ட் பாஸ்’ என்பார்கள்.

கொடுத்த மருந்தில் எத்தனை பங்கு உருமாறாமல் பொது ரத்த ஓட்டத்தை அடைகிறது என்பதுதான் உயிர்க்கிடைப்பு. நைட்ரோகிளிசரினை நாக்குக்கு அடியில் வைத்தால் சராசரியாக நூற்றுக்கு நாற்பது பங்கு கிடைக்கிறது. விழுங்கினால் பத்து பங்குகூடத் தேறுவதில்லை. அரை மில்லிகிராம் மாத்திரையை எடுத்துக்கொண்டால், முதல் வழியில் 0.2 மில்லிகிராம் ரத்தத்தை அடையும். இரண்டாவது வழியில் 0.05 மில்லிகிராமுக்கும் குறைவு. விழுங்குவதற்கென்று மெல்லக் கரையும்படி செய்த நைட்ரோகிளிசரின் மாத்திரைகள் 2.6, 6.4 மில்லிகிராம் என்ற பெரிய அளவுகளில் வருவதற்கு இதுவே காரணம். கல்லீரலுக்குக் கொடுக்க வேண்டியதையும் சேர்த்தே அதில் வைத்திருக்கிறார்கள்.

நாக்குக்கு அடியில் வைத்தும் ஏன் நூறு கிடைப்பதில்லை? கரைந்ததில் ஒரு பகுதி எச்சிலோடு தொண்டையில் இறங்கி, மறுபடி கல்லீரலிடமே போய்ச் சேருகிறது. ரத்தக் குழாய்களின் சுவர்களும் கொஞ்சத்தைச் சிதைத்துவிடுகின்றன. வாய் வறண்டிருந்தால் மாத்திரை கரையவே நேரமாகும். நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருப்பவரிடம் பதற்றத்தில் மாத்திரையோடு ஒரு சொம்பு தண்ணீரையும் நீட்டுவது நம் வீடுகளின் வழக்கம். உதடு, வாய் நனைய ஒரு வாய் தண்ணீர் முதலில் கொடுக்கலாம். மாத்திரையை வைத்த பிறகு கொடுத்தால் அது அடித்துக்கொண்டு போய்விடும். ரத்த அழுத்தம் சட்டென்று இறங்கும் என்பதால் நின்றுகொண்டு எடுக்கக் கூடாது. சில்டெனாஃபில் வகை மாத்திரை சாப்பிட்டவர்கள் இதைத் தொடவே கூடாது. அழுத்தம் ஆபத்தான அளவுக்கு விழுந்துவிடும். ஐந்து நிமிடத்தில் வலி குறையாவிட்டால் 108ஐ அழைக்க வேண்டும்.

இனி ஊசி வழி. சிரைக்குள் நேரே செலுத்திய மருந்து குடலையும் சவ்வையும் கல்லீரலின் முதல் வசூலையும் சந்திப்பதில்லை. அதனால் அதன் உயிர்க்கிடைப்பு நூறு என்று வைத்துக்கொண்டு, மற்ற வழிகளை அதோடு ஒப்பிட்டு அளக்கிறார்கள். புற்றுநோய் வலிக்குத் தரும் மார்ஃபினை எடுத்துக்கொள்வோம். 10 மில்லிகிராமைச் சிரையில் செலுத்திக் குறிப்பிட்ட இடைவெளிகளில் ரத்தம் எடுத்து, மருந்தின் அளவு ஏறி இறங்குவதை வரைபடமாகப் போடுகிறார்கள். வேறொரு நாள் அதே 10 மில்லிகிராமை வாய்வழியே கொடுத்து இன்னொரு வரைபடம். இரண்டு கோடுகளின் கீழுள்ள பரப்பை ஒப்பிட்டால், இரண்டாவது முதலாவதில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்குதான் இருக்கும். சிரையில் 10 கொடுத்தவரை வாய்வழி மருந்துக்கு மாற்றும்போது மருத்துவர் 30 எழுதுவது இந்தக் கணக்கில்தான்.

ஆனால் இந்த எண் மருந்தோடு பிறந்து மாறாமல் இருப்பதல்ல. கல்லீரல் சுருங்கி இறுகிப்போனவரிடம் வசூலிக்க ஆளில்லை. அவர் விழுங்கும் மார்ஃபினில் வழக்கத்தைவிட மிக அதிகமான பங்கு ரத்தத்துக்குள் போய், மயக்கமும் மூச்சுத் தளர்ச்சியும் வரலாம். அத்தகைய நோயாளிக்கு மருத்துவர் அளவைக் குறைத்தும் இடைவெளியைக் கூட்டியும் எழுதுவார்.

நைட்ரோகிளிசரினையும் தீவிர சிகிச்சைப் பிரிவில் சிரை வழியே சொட்டுச் சொட்டாக ஏற்றுகிறார்கள். நிமிடத்துக்கு 5 மைக்ரோகிராம் போன்ற சிறு அளவில் தொடங்கி, ரத்த அழுத்தத்தைப் பார்த்துப் பார்த்து உயர்த்துவார்கள். ரத்தத்தில் அதன் ஆயுள் சில நிமிடங்கள்தான் என்பதால், அழுத்தம் அளவுக்கு மீறி இறங்கினால் பம்பை நிறுத்தினாலே போதும், விளைவு விரைவில் அடங்கிவிடும். விழுங்கிய மாத்திரையை இப்படித் திரும்பப் பெற முடியாது. இங்கும் ஒரு விசித்திரம் உண்டு. சாதாரண பிவிசி குழாயின் பிளாஸ்டிக், போகிற வழியிலேயே இந்த மருந்தைக் கணிசமாக உறிஞ்சிக்கொள்ளும். புட்டியில் சரியான அளவு இருக்கும், கையில் ஊசி சரியாக ஏறியிருக்கும், நோயாளிக்கு மட்டும் மருந்து குறைவாகவே போய்க்கொண்டிருக்கும். அதனால்தான் கண்ணாடிப் புட்டியும், மருந்தை உறிஞ்சாத பாலிஎத்திலீன் குழாயும் பயன்படுத்தச் சொல்கிறார்கள்.

நம் ஊர் மருந்துக்கடைகளில் ‘நாக்குக்கு அடியில் வைக்கும் மாத்திரை’ என்று கேட்டால் பெரும்பாலும் கிடைப்பது நைட்ரோகிளிசரினின் உறவான ஐசோசார்பைடு டைநைட்ரேட். இதிலிருந்தும் கல்லீரல் ஒரு நைட்ரேட்டைக் கழற்றுகிறது. ஆனால் மிஞ்சும் மோனோநைட்ரேட் வீரியத்தோடு சில மணி நேரம் ரத்தத்தில் தங்குகிறது. மருந்தாளர்கள் அந்த மோனோநைட்ரேட்டையே தனி மாத்திரையாகச் செய்தார்கள். விழுங்கினால் கல்லீரல் அதை முதல் சுற்றில் பெரிதாகத் தொடுவதில்லை. ஏறக்குறைய முழுவதும் ரத்தத்துக்கு வந்துவிடுகிறது. ஆனாலும் குடல் வழியாக வருவதால் வேலை தொடங்க அரை மணி, ஒரு மணி ஆகும். வந்துவிட்ட வலிக்கு அது உதவாது. ஆகவே ஒரே நோயாளியின் சீட்டில் இரண்டும் இருக்கும்: காலையில் விழுங்க மோனோநைட்ரேட், சட்டைப்பையில் வைத்திருக்க டைநைட்ரேட்.